பயிற்சிக் காலத்தில் எவ்வளவு, நிரந்தரம் எப்போது? வேலைக்கு எடுப்பவரிடம் கேட்கும் முறை

திருகோணமலையில் உயர்தரம் முடித்தவர்களுக்கும், கோணேசபுரி வளாகத்தில் பட்டம் பெற்று வெளியேறுபவர்களுக்கும் முதலில் கிடைக்கும் தனியார் துறை வேலைகளில் பல, "பயிற்சி" என்ற அடைமொழியோடுதான் வருகின்றன. வங்கிக் கிளையில் பயிற்சி உதவியாளர், நிதி நிறுவனத்தில் பயிற்சி உத்தியோகத்தர், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் பயிற்சிப் பணியாளர் என்று பெயர் மாறும். நேர்முகப் பரீட்சை முடிந்து சில நாட்களில், பெரும்பாலும் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து, மனிதவளப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். "பயிற்சிக் காலத்தில் முப்பத்தைந்தாயிரம், பிறகு ஐம்பதாயிரம். எப்போது வந்து சேர முடியும்?" என்று கேட்பார். அந்தப் "பிறகு" எந்தத் தேதி என்பதை அவர் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தொகையையும் தேதியையும் சேர்த்தே கேளுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்துவது. எப்போது தொடங்கும் என்று தெரியாத ஐம்பதாயிரத்தை வைத்து வீட்டு வாடகையையோ, தங்கையின் படிப்புச் செலவையோ, வேறொரு வேலையை மறுப்பதையோ முடிவு செய்ய இயலாது.

முதலில் காலக்கட்டங்களைப் பிரித்துப் பாருங்கள்

புதிதாக வேலைக்கு வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். பயிற்சிக் காலம் முடிந்தால் நிரந்தரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நிறுவனங்களில் இரண்டுக்கும் நடுவில் தகுதிகாண் காலம் என்ற இன்னொரு கட்டம் இருக்கிறது.

பயிற்சிக் காலத்தில் கிடைப்பது பயிற்சிக் கொடுப்பனவு. அது முழுச் சம்பளத்தைவிடக் குறைவாக இருப்பதே வழக்கம். தகுதிகாண் காலத்தில் நீங்கள் அந்தப் பதவியில் அமர்த்தப்பட்டு, அதற்குரிய அடிப்படைச் சம்பளத்தைப் பெறுவீர்கள். ஆனால் சில கொடுப்பனவுகளும் வசதிகளும் இன்னும் சேர்ந்திருக்காது. நிரந்தரமாக்கும் கடிதம் கையில் வந்த பிறகே முழுத் தொகை. சில இடங்களில் பயிற்சியும் தகுதிகாண் காலமும் ஒன்றாகவே ஓடும். வேறு சில இடங்களில் ஒன்று முடிந்துதான் மற்றது தொடங்கும். இது இரண்டில் எது என்பதைக் கேட்டுத்தான் அறிய முடியும், விளம்பரத்தில் இருக்காது.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. சில கடிதங்கள் உங்களை ஊழியராக நியமித்து, அந்த நியமனத்தின் முதற்பகுதியைப் பயிற்சி என்கின்றன. வேறு சில, பயிற்சிக்கு மட்டுமே ஒரு தனி ஒப்பந்தம் போடுகின்றன. பின்னதில் காலம் முடிந்ததும் ஒப்பந்தமும் தானாகவே முடிந்துவிடும். அதன் பிறகு வேலை தருவதும் தராததும் நிறுவனத்தின் விருப்பம். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் "எப்போது நிரந்தரமாக்குவீர்கள்?" என்ற கேள்விக்கு முன்னால், "பயிற்சி முடிந்த பிறகு எனக்கு வேலை உண்டா?" என்ற கேள்வி வர வேண்டும்.

எப்போது கேட்பது

நேர்முகப் பரீட்சையின் தொடக்கத்தில் வேண்டாம். உங்களை எடுப்பதா என்று அவர்கள் இன்னும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். வேலையில் சேர்ந்த பிறகு கேட்பதும் பயனற்றது. அப்போது நீங்கள் கையொப்பமிட்டு முடித்திருப்பீர்கள். "உங்களைத் தெரிவு செய்திருக்கிறோம்" என்று அவர்கள் சொன்ன நேரத்துக்கும், நீங்கள் "வருகிறேன்" என்று உறுதி கூறும் நேரத்துக்கும் இடைப்பட்ட பொழுதே சரியான பொழுது. பெரும்பாலும் அது அந்த ஒரே தொலைபேசி அழைப்புக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே நேர்முகப் பரீட்சை முடிந்து வீடு திரும்பிய அன்றே கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடையே பெரியவர்களிடம் பணத்தைப் பற்றி நேராகக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு இது அன்றாடம் பதில் சொல்லும் கேள்வி. அவருடைய மேசையில் சம்பளப் படிநிலை அச்சிட்டே இருக்கும். மரியாதை உங்கள் குரலிலும் சொற்களிலும் இருந்தால் போதும். கேள்வியை விழுங்க வேண்டியதில்லை.

என்ன சொற்களில் கேட்பது

"சம்பளம் குறைவாக இருக்குமா?" என்று பொதுவாகக் கேட்டால் "பயிற்சிக் காலம்தானே, போகப் போகக் கூடும்" என்று பொதுவாகவே பதில் வரும். இலக்கமும் தேதியும் மட்டுமே பதிலாக வரக்கூடிய விதத்தில் கேள்வியை அமையுங்கள். கீழே இருப்பது ஓர் உரையாடலின் மாதிரி. இதில் கேட்பவர் வளாகத்தில் முகாமைத்துவம் படித்து வெளியேறிய ஒரு பெண். வேலை, நகரிலுள்ள ஒரு நிதி நிறுவனக் கிளையில் பயிற்சி உத்தியோகத்தர்.

"தெரிவு செய்ததற்கு மிகவும் நன்றி, மிஸ். சேருவதற்கு எனக்கு விருப்பம். கடிதம் வருவதற்கு முன் இரண்டு விடயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாமா?"

"கேளுங்கள்."

"பயிற்சிக் காலத்தில் சொன்ன முப்பத்தைந்தாயிரம், முழுச் சம்பளத்தைவிடக் குறைவான தொகைதானே? அது ஒரே தொகையா, அல்லது பல பகுதிகள் சேர்ந்ததா?"

"முப்பதாயிரம் பயிற்சிக் கொடுப்பனவு. ஐயாயிரம் வரவுக் கொடுப்பனவு."

"ஒரு நாள் விடுமுறை எடுத்தால் அந்த ஐயாயிரம் கிடைக்குமா, மிஸ்?"

"இல்லை, முழு வரவு இருந்தால்தான்."

"நன்றி. பயிற்சி எத்தனை மாதம்? அது முடிந்தவுடன் நிரந்தரமா, அல்லது தகுதிகாண் காலம் தனியாக இருக்கிறதா?"

"பயிற்சி பன்னிரண்டு மாதம். அதன் பிறகு ஆறு மாதம் தகுதிகாண் காலம். அப்போது அடிப்படைச் சம்பளம் நாற்பத்திரண்டாயிரம். நிரந்தரமான பிறகு போக்குவரத்துக் கொடுப்பனவு எட்டாயிரம் சேரும்."

"அப்படியென்றால் நீங்கள் சொன்ன ஐம்பதாயிரம் பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு, சரிதானே?"

"ஆம்."

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லி, ஆமா இல்லையா என்று உறுதிப்படுத்திக்கொள்கிறார். இது இல்லாவிட்டால் "ஒரு வருடம் பயிற்சி, பிறகு ஐம்பது" என்ற நினைப்போடுதான் அவர் வீட்டில் செய்தி சொல்லியிருப்பார்.

அழைப்பவர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பேசினால், பாதி புரிந்ததை வைத்துக்கொண்டு தலையாட்டாதீர்கள். "விபரத்தை மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா?" என்ற ஒரு வாக்கியத்தை அந்த மொழியில் முன்கூட்டியே பழகி வைத்திருங்கள்.

அந்த உதாரணத்தைக் கணக்காகப் பார்த்தால்

அவர் 2026 மார்ச் 2 ஆம் தேதி வேலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதம் கழிக்கப்படும். முப்பதாயிரத்தில் அது 2,400 ரூபா. முழு வரவு இருந்த மாதத்தில் கைக்கு வருவது 32,600 ரூபா. காய்ச்சலில் ஒரு நாள் படுத்துவிட்டால் 27,600 ரூபா. மாதச் செலவைத் திட்டமிட இந்த இரண்டாவது தொகையை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பயிற்சி 2027 மார்ச் 1 ஆம் தேதி முடியும். தகுதிகாண் காலம் செப்டெம்பர் 1 ஆம் தேதி முடியும். ஆகவே ஐம்பதாயிரம் தொடங்கக்கூடிய மிக முந்திய நாள் 2027 செப்டெம்பர் 2. ஓராண்டில் நிரந்தரம் என்று நினைத்திருந்தால், இடைப்பட்ட ஆறு மாதங்களில் மாதம் எட்டாயிரம் வீதம் 48,000 ரூபா வராது. தகுதிகாண் காலத்தை மூன்று மாதம் நீடித்தால் இன்னும் 24,000 ரூபா குறையும். இதற்காக வேலையை மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிதி நிறுவனத்தில் ஒன்றரை வருட அனுபவத்துக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் இரண்டு வேலைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும்போது, முதல் பதினெட்டு மாதங்களில் எந்த வேலை மொத்தமாக எவ்வளவு தரும் என்று கூட்டிப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

இந்த உதாரணத்தில் கேட்காமல் விடக்கூடாத இன்னொன்றும் இருக்கிறது. பயிற்சியின் முதல் வாரங்களைக் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் நடத்துவது வழக்கம். தங்குமிடம் யார் செலவு? திருகோணமலையிலிருந்து சென்று, அறை எடுத்து, சாப்பாட்டுக்கும் கொடுத்தால், பயிற்சிக் கொடுப்பனவின் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். சொந்த ஊரில் வேலை என்ற நம்பிக்கையில் சேருபவர்களுக்கு இது முதல் மாதத்திலேயே விழும் அடி.

சட்டம் தரும் அளவுகோல்கள்

தனியார் துறைக்கான தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. உங்களிடம் சொல்லப்படும் தொகை இதற்குக் கீழே இருந்தால், "இது வேலை நியமனமா, தொழிற்பயிற்சி ஒப்பந்தமா?" என்று உடனே கேளுங்கள். நைட்டா போன்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனம் வழியாகவோ, கற்கைநெறியின் பகுதியாகவோ செல்லும் தொழிற்பயிற்சி வேறு வகை. முழு நேரம் ஊழியரின் வேலையைச் செய்யவைத்துவிட்டு, பயிற்சி என்ற பெயரில் அதற்குக் கீழே கொடுப்பது வேறு வகை. பின்னது என்று தோன்றினால், கையொப்பமிடுவதற்கு முன் திருகோணமலை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் கடிதத்தைக் காட்டி விசாரியுங்கள்.

ஊழியர் சேமலாப நிதி நிரந்தரமான பிறகுதான் தொடங்கும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. தற்காலிக ஊழியருக்கும், தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும், நிறுவனத்தில் வேலை பழகுபவருக்கும் அது உரியது. முதல் மாதத்திலிருந்தே சேர வேண்டும். உங்கள் 8 சதவீதத்தோடு முதலாளி 12 சதவீதம் சேமலாப நிதிக்கும், தனியாக 3 சதவீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் செலுத்த வேண்டும். அந்த 15 சதவீதம் உங்கள் சம்பளத்துக்கு வெளியே வர வேண்டியது. சொல்லப்பட்ட தொகைக்குள் அதையும் அடக்கிக் கணக்குக் காட்டுகிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, நீங்கள் எழுத்தில் கேட்பதற்கு ஆதாரமானது. கடை, அலுவலக ஊழியர் பற்றிய 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் வேலையிடங்களில், பதவி, அடிப்படைச் சம்பளம், கொடுப்பனவுகள், வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றோடு தகுதிகாண் காலம் எவ்வளவு என்பதையும், அந்தக் காலத்தில் எந்தச் சூழ்நிலையில் வேலையை நிறுத்தலாம் என்பதையும் எழுத்தில் தருவது முதலாளியின் கடமை. நிதி நிறுவனக் கிளை, காப்புறுதி அலுவலகம், வியாபார நிலையம் எல்லாம் இதற்குள் வருபவை.

எழுத்தில் பெறுவது

தொலைபேசியில் பேசி முடித்த அன்றே மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். அவர் சொன்னதையே திருப்பி எழுதினால் போதும்:

"வணக்கம் மிஸ். இன்று தொலைபேசியில் விளக்கியதற்கு நன்றி. நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். பயிற்சி 12 மாதம். மாதம் 30,000 ரூபா, முழு வரவு இருந்தால் மேலதிகமாக 5,000 ரூபா. பிறகு தகுதிகாண் காலம் 6 மாதம். அடிப்படைச் சம்பளம் 42,000 ரூபா. நிரந்தரமான பிறகு மொத்தம் 50,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதி முதல் மாதத்திலிருந்தே. இந்த விபரங்கள் நியமனக் கடிதத்தில் இருக்குமா என்பதையும், நிரந்தரமாக்குவதை யார், எதை வைத்து முடிவு செய்வார்கள் என்பதையும் அறியத் தர முடியுமா? நன்றி."

அந்தக் கடைசி வினா முக்கியமானது. சில இடங்களில் கிளை முகாமையாளரின் மதிப்பீட்டு அறிக்கை போதும். சில இடங்களில் உள்ளகப் பரீட்சை ஒன்றில் சித்தியடைய வேண்டும். நிதி நிறுவனங்களில் வைப்பு, குத்தகை ஆகியவற்றில் மாத இலக்கு இருக்கக்கூடும். இலக்கை எட்டாவிட்டால் பயிற்சி நீளுமா, வேலை போகுமா என்று தெரிந்து சேருவது நல்லது.

பதிலின் தன்மையைக் கொண்டே நிறைய உணரலாம். "ஆம், கடிதத்தில் இருக்கும்" என்று ஒரு வரியில் வந்தால் கவலை இல்லை. "அதெல்லாம் வந்த பிறகு பார்க்கலாம்", "எல்லோருக்கும் செய்து கொடுத்திருக்கிறோம்" என்று வந்தால், பணிவாக இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாம் முறையும் தேதி வராவிட்டால், அந்த நிறுவனத்தில் நிரந்தரமாக்க நிச்சயமான முறை இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கிளையில் ஏற்கெனவே வேலை செய்யும் அக்காவோ அண்ணாவோ தெரிந்தவராக இருந்தால், "உங்களுக்கு எத்தனையாவது மாதத்தில் கடிதம் வந்தது?" என்று கேளுங்கள். திருகோணமலை சிறிய நகரம்; யாராவது ஒருவர் கிடைப்பார்.

உங்களை அழைத்தவர் நிறுவனத்தின் ஊழியர்தானா, ஆட்களை வழங்கும் முகவர் நிறுவனத்தைச் சேர்ந்தவரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத் தலைப்பில் முகவர் நிறுவனத்தின் பெயர் இருந்தால், உங்களை நியமிப்பவர்கள் அவர்கள்தான். நீங்கள் அமர்ந்து வேலை செய்யும் நிறுவனம் உங்களை நிரந்தரமாக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஹோட்டல் வேலை என்றால்

கிழக்குக் கரையில் சுற்றுலாப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. ஏப்ரலில் "ஆறு மாதப் பயிற்சி, பிறகு நிரந்தரம்" என்று சேர்ந்தால், நிரந்தரமாக்க வேண்டிய நேரம் ஒக்டோபரில், கடற்கரை வெறிச்சோடும் போது வருகிறது. ஆகவே "நவம்பர் முதல் மார்ச் வரை எனக்கு வேலையும் சம்பளமும் உண்டா?" என்று அப்பட்டமாகவே கேளுங்கள். இன்னொரு கேள்வி, வாடிக்கையாளரிடம் வாங்கும் 10 சதவீதச் சேவைக் கட்டணம் பற்றியது. பருவகாலத்தில் அதில் வரும் பங்கு நல்ல தொகையாக இருக்கும். பயிற்சியில் இருப்பவருக்கு முழுப் பங்கா, பாதியா, ஒன்றும் இல்லையா என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் வேறுபடும். முழுச் சம்பளத்துக்கும் பயிற்சிக் கொடுப்பனவுக்கும் உள்ள உண்மையான இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

கடிதம் வந்த பிறகு

கையொப்பமிடுவதற்கு முன் ஓர் இரவு கையில் வைத்திருங்கள். தொலைபேசியில் சொன்ன தொகைகளும் மாதங்களும் அப்படியே இருக்கின்றனவா என்று உங்கள் செய்தியோடு ஒப்பிடுங்கள். மொழி புரியாவிட்டால் புரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். "நிறுவனம் எழுத்தில் உறுதிப்படுத்தும் வரை தகுதிகாண் காலம் தொடரும்" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அது இருந்தால், ஆறு மாதம் முடிந்துவிட்டதால் நீங்கள் நிரந்தரமானவர் என்று ஆகிவிடாது; கடிதம் வர வேண்டும். நீடிப்பதற்கு உச்ச வரம்பு ஏதும் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். பயிற்சிக்குப் பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பிணைமுறி இருந்தால், அந்தத் தொகையையும், காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அசல் கல்விச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம், பிரதி போதும்.

வேலையில் சேர்ந்ததும் முதல் சம்பளச் சீட்டில் சேமலாப நிதிக் கழிப்பும் உங்கள் உறுப்பினர் இலக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கழித்த பணம் நிதியில் சேர்ந்திருக்கிறதா என்பது தனி விடயம். இலங்கை மத்திய வங்கி நிதியைப் பராமரிப்பதால், உறுப்பினர் கணக்கு விபரத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

நிரந்தரமாக வேண்டிய தேதிக்கு ஒரு மாதம் முன்பே கிளை முகாமையாளரிடம், "சேர், என்னுடைய மதிப்பீடு இந்த மாதம் வருகிறது" என்று நினைவூட்டுங்கள். தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போகாமல் மேசையில் கிடப்பதே தாமதத்துக்கு மிகச் சாதாரணமான காரணம். தேதி கடந்து ஒரு வாரமாகியும் கடிதம் வராவிட்டால், மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள்: நிரந்தரமாக்கப்பட்டிருக்கிறேனா, காலம் நீடிக்கப்பட்டிருக்கிறதா, நீடித்தால் எந்தத் தேதி வரை, என்ன காரணத்துக்காக.

தகுதிகாண் காலத்தில் வேலையை நிறுத்துவதில் முதலாளிக்குக் கூடுதல் சுதந்திரம் இருக்கிறது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனத்தில், பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாட்களாவது வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ பெறாமல் நீக்குவதை 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆறு மாதத்தைத் தாண்டியவர்கள் திடீரென்று "நாளை முதல் வர வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்டால், எந்தத் தாளிலும் கையொப்பமிடாமல், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அந்த முதல் நாள் செய்தி ஆகியவற்றின் பிரதிகளோடு மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வேலை நிறுத்தப்பட்டதற்கு எதிரான முறைப்பாட்டுக்குக் கால எல்லை உண்டு என்பதால், அதை அந்த வாரத்திலேயே செய்துவிடுங்கள்.